குழந்தையின் முதல் கற்றல் கணக்கு: ஆளைக் காட்டிக்கொடுக்காத பயனர் பெயருடன் திறப்பது எப்படி

குழந்தைக்குக் கணக்கு திறக்கும் பெற்றோர் பலருடன் உட்கார்ந்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். தளத்தைத் திறந்ததும் முதல் பெட்டி பயனர் பெயரைக் கேட்கிறது. குழந்தை தன் பெயரைத் தட்டுகிறது. 'இந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது' என்று திரை சொல்கிறது. உடனே பெயருக்குப் பின்னால் பிறந்த ஆண்டைச் சேர்க்கிறார்கள். பச்சைக் குறி விழுகிறது, அடுத்த பக்கம் வருகிறது. பெயரும் வயதும் ஒரே சொல்லில் உலகத்துக்கே தெரியும்படி வைத்துவிட்டோம் என்பது அந்த அவசரத்தில் யார் கண்ணிலும் படுவதில்லை.

அதனால் இந்த வழிகாட்டியில் தளத்தைத் திறப்பது ஆறாவது படிதான். எடுத்துக்காட்டாக ஸ்க்ராட்ச் தளத்தை எடுத்துக்கொள்கிறேன். குழந்தைகள் நிரலாக்கம் பழகும் இந்தத் தளத்தில் ஒருமுறை வைத்த பயனர் பெயரைப் பிறகு மாற்ற முடியாது. பெயரைப் பொறுத்தவரை இதைவிடக் கறாரான இடம் குறைவு. இங்கே சரியாகச் செய்யப் பழகினால் மற்றக் கற்றல் தளங்களிலும் அதே முறை செல்லும்.

## 1. முன்கூட்டியே தயார் செய்ய வேண்டியவை

முதலில், கணக்கு இப்போதே தேவையா என்று பாருங்கள். ஸ்க்ராட்சில் கணக்கு இல்லாமலேயே நிரல் எழுதலாம், எழுதியதைக் கணினியில் கோப்பாகச் சேமித்து மறுநாள் திறந்து தொடரலாம். வேலை தளத்திலேயே தானாகச் சேமிக்கப்பட வேண்டும், பிறருடன் பகிர வேண்டும் என்ற கட்டம் வந்த பிறகு கணக்கு திறந்தால் போதும்.

தேவை என்று முடிவானால் மூன்று வேண்டும்: பெற்றோர் ஒருவரின் சொந்த மின்னஞ்சல், கடவுச்சொல்லை எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம், அவசரமில்லாத அரை மணி நேரம். குழந்தையும் பக்கத்தில் இருக்க வேண்டும். தனக்கே தெரியாமல் வைக்கப்பட்ட பெயரைக் குழந்தை சொந்தமாக நினைக்காது. அடுத்த வாரமே தன் இஷ்டப்படி இன்னொரு கணக்கைத் திறந்துவிடும்.

அலுவலக மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். கடவுச்சொல் மறந்தால் மீட்பு இணைப்பு அங்கேதான் வரும். வேலை மாறினால் அந்த முகவரி போய்விடும், கூடவே கணக்கும் கைவிட்டுப் போகும்.

ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. உங்கள் முகவரியில் `@` குறிக்கு முன்னால் `+padippu` என்று சேர்த்துக் கொடுத்தால் அஞ்சல் வழக்கமான பெட்டிக்கே வரும். குழந்தையின் கணக்கு தொடர்பானவற்றைத் தனியே வடிகட்டிப் பார்க்கலாம். சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்பதில்லை. அங்கே சாதாரண முகவரியையே கொடுத்துவிடுங்கள்.

## 2. எது தளத்துக்கு, எது எல்லோருக்கும்

கணக்கில் நாம் கொடுக்கும் விவரங்கள் இரண்டு வகை. சில தளத்தின் ஏட்டோடு நின்றுவிடும். சில வெளியே எவர் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கும். இதைப் பிரித்துப் பார்க்காததால் குழம்பும் பெற்றோர், மறைக்க வேண்டாததை மறைத்து, மறைக்க வேண்டியதை வெளியே விட்டுவிடுகிறார்கள். பிறந்த ஆண்டைப் படிவத்தில் பொய்யாகக் கொடுத்துவிட்டு, உண்மையான ஆண்டைப் பயனர் பெயரில் சேர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்க்ராட்சில் மின்னஞ்சல், பிறந்த மாதம், ஆண்டு, பாலினம் ஆகியவை வெளியே காட்டப்படுவதில்லை. பயனர் பெயரும் நாடும் சுயவிவரப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பயனர் பெயர் அதோடும் நிற்பதில்லை. சுயவிவரப் பக்கத்தின் இணைய முகவரியிலேயே அது இருக்கிறது. குழந்தை பகிரும் ஒவ்வொரு படைப்பின் கீழும், எழுதும் ஒவ்வொரு கருத்தின் பக்கத்திலும் வருகிறது. வேறொருவர் அந்தப் படைப்பை எடுத்து மாற்றி வெளியிட்டால், மூலத்தைச் செய்தவர் என்று அவருடைய பக்கத்திலும் உங்கள் குழந்தையின் பயனர் பெயரே இருக்கும். வெளியே இவ்வளவு தூரம் போகும் விவரம் வேறு இல்லை.

## 3. கூடாதவற்றின் பட்டியலை முதலில் எழுதுங்கள்

வெற்றுத் தாளில் குழந்தையையே எழுதச் சொல்லுங்கள்: 'என்னைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிந்தவை'. பெயர், வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர், முதலெழுத்து, பள்ளி, வகுப்பு, ஊர், தெரு, பிறந்த நாள், வயது, அண்ணன் தங்கை பெயர், வளர்ப்புப் பிராணியின் பெயர், விளையாட்டுச் சட்டையில் இருக்கும் எண். இந்தத் தாளில் உள்ள எதுவும், பாதியாகக்கூட, பயனர் பெயருக்குள் வரக் கூடாது.

பெற்றோர் எழுதிக் கொடுத்தால் பெயர், பள்ளி, ஊரோடு நின்றுவிடுவார்கள். குழந்தை எழுதினால்தான் சட்டை எண்ணும் நாய்க்குட்டியும் வரும். பெயருக்குள் நழுவி விழுபவையும் அவைதான்.

தனித்தனியே பார்த்தால் சில விவரங்கள் பாதிப்பில்லாதவை போலத் தோன்றும். சேரும்போதுதான் சிக்கல். குழந்தையின் பெயர் கவின் என்று வைத்துக்கொள்வோம். `kavin` என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள். `kavin_4b` என்றால் நான்காம் வகுப்பு ஆ பிரிவு. அதே பக்கத்தில் பள்ளி ஆண்டு விழாவுக்காகச் செய்த அட்டை ஒன்றும் இருந்தால், அந்தப் பள்ளியைத் தெரிந்தவருக்கு ஒரே ஒரு குழந்தைதான் மிஞ்சும். எந்தத் துண்டும் தனியாகக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனாலும் ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது.

வளர்ப்புப் பிராணியின் பெயரைத் தவிர்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது. கணக்கு மீட்புக்கான பாதுகாப்புக் கேள்விகளில் அது வாடிக்கையாக வரும் கேள்வி. விடையை வாசலில் எழுதி வைக்க வேண்டாம்.

## 4. பெயரைக் கட்டுவது

இரண்டு சொற்கள், ஓர் எண். இந்த வடிவம் போதும்.

முதல் சொல்லுக்கு நிறமோ தன்மையோ குறிக்கும் சொற்கள் ஐந்தையும், இரண்டாம் சொல்லுக்கு விலங்கு, பறவை, பொருள் என ஐந்தையும் குழந்தை சொல்லட்டும். உதாரணமாக `neela`, `pachai`, `vega`, ஒரு பக்கம். `aamai`, `kuruvi`, `pambaram` மறுபக்கம். பிறகு குழந்தையே சேர்த்துப் பார்க்கட்டும். `vega_aamai` என்று வந்ததும் சிரிப்பு வரும். வேகமான ஆமை! குழந்தை அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்ளும், அதுவும் உங்கள் கட்டாயமாக இல்லாமல் சேர்ந்து எடுத்த முடிவாக ஆகும்.

எண்ணைக் குழந்தையிடமோ உங்களிடமோ கேட்கக் கூடாது. 'மனதில் தோன்றும் எண் ஒன்று சொல்' என்றால் பிறந்த தேதி, வீட்டு எண், வண்டி எண், பிடித்த ஆட்டக்காரரின் எண் இவற்றில் ஒன்றுதான் வாயில் வரும். பகடையை மூன்று முறை உருட்டுங்கள். விழுந்த எண்களை அப்படியே வரிசையாக எழுதுங்கள்: 5, 3, 4 என்றால் 534. மூன்று இலக்கம் என்பதில் பொருள் இருக்கிறது. ஓரிலக்கமோ ஈரிலக்கமோ வயது போலவும் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு எண்கள் போலவும் படிக்கப்படும். நான்கு இலக்கம் ஆண்டு போலத் தெரியும். பகடையில் விழுந்தது உங்கள் கதவு எண்ணாகவே இருந்துவிட்டால் மறுபடி உருட்டிவிடுங்கள்.

இப்போது கையில் இருப்பது `vega_aamai_534`. பதினான்கு எழுத்துகள். ஸ்க்ராட்ச் 3 முதல் 20 எழுத்துகள் வரை ஏற்கும். ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு, இடைக்கோடு ஆகியவை மட்டுமே செல்லும். தமிழ் எழுத்தில் பயனர் பெயர் வைக்க முடியாது.

தமிழ்ச் சொல் வைத்தால் மொழி தெரிந்துவிடாதா என்று சிலர் கேட்கிறார்கள். தெரியும். மொழியை வைத்துக் கோடிக்கணக்கானவர்களில் ஒருவரைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் அதை நான் தடுப்பதில்லை. ஊர்ப் பெயரோ குடும்பத்துக்கே உரிய சொல்லோ சமூகத்தைச் சுட்டும் சொல்லோ அப்படியல்ல. அவை வட்டத்தைச் சட்டென்று சுருக்கிவிடும். ஆனால் எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள். `aamai` என்பதை நாளை குழந்தை `amai` என்று தட்டினால் உள்ளே போக முடியாது. ஒரே விதமாக எழுதக்கூடிய சொல்லைத் தேர்ந்தெடுங்கள், அல்லது நோட்டில் எழுதியதைப் பார்த்துத் தட்டப் பழக்குங்கள்.

`cute`, `girl`, `boy`, `kid` போன்ற சொற்களையும் விட்டுவிடுங்கள். இது சின்னக் குழந்தை, இது பெண் குழந்தை என்று தேடிவரும் தவறான ஆட்களுக்கு அவை நேராகக் கைகாட்டுகின்றன.

## 5. தளத்தைத் திறக்கும் முன் பெயரைச் சோதியுங்கள்

தேடுபொறியில் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள்: `"vega_aamai_534"`. ஒன்றுமே வராவிட்டால் நல்லது. வேறொருவரின் பக்கம் வந்தால் எண்ணை மாற்றுங்கள். அவர் செய்வதெல்லாம் உங்கள் குழந்தையின் கணக்கில் சேர்த்துப் பார்க்கப்படும்.

வீட்டில் எவரும், வேறு எந்தத் தளத்திலும் வைத்திருக்காத பெயராக இருக்கட்டும். அக்கா விளையாட்டுத் தளத்தில் அதே பெயரை வைத்து, அங்கே தன் படத்தையும் போட்டிருந்தால், ஒரே தேடலில் இரண்டு பக்கங்களும் அடுத்தடுத்து வரும். பயனர் பெயரை இடத்துக்கு இடம் மாற்ற வேண்டும் என்று சொல்வதற்கு முழுக் காரணமும் இதுதான்.

கடைசியாக, பெயரை இடைவெளி இல்லாமல் சேர்த்து உரக்கப் படியுங்கள். இரண்டு சொற்கள் சேரும் இடத்தில் சில சமயம் தவறான சொல் ஒன்று ஒளிந்திருக்கும். அதைப் பெரியவர் காதுதான் பிடிக்கும்.

மாற்றுப் பெயர் ஒன்றையும் இப்போதே எழுதி வையுங்கள். முதல் பெயர் எடுக்கப்பட்டிருந்தால் திரை முன்னால் யோசிக்கும் நிலை வரக் கூடாது. மேலே உள்ள எடுத்துக்காட்டை அப்படியே எடுக்க வேண்டாம். இதைப் படித்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

## 6. படிவத்தை நிரப்புவது

`scratch.mit.edu` திறந்து `Join Scratch` என்பதை அழுத்துங்கள். படிவத்தைப் பெற்றோர் நிரப்புங்கள், குழந்தை பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

உங்கள் உலாவி முன்பு சேமித்து வைத்த பெயரையும் முகவரியையும் பெட்டிகளில் தானாக நிரப்பப் பார்க்கும். ஒவ்வொரு பெட்டியையும் கண்ணால் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். தந்தையின் முழுப் பெயர் பயனர் பெயர்ப் பெட்டியில் தானாக விழுந்து, அப்படியே பதிவாகிவிட்ட கணக்குகள் உண்டு.

பிறந்த மாதத்தையும் ஆண்டையும் உண்மையாகக் கொடுங்கள். வயதைக் கூட்டிச் சொன்னால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைப்பவர்கள் அதிகம். அமெரிக்கச் சட்டப்படி 13 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விவரங்களைத் திரட்டப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அந்த வயது 13 முதல் 16 வரை நாட்டுக்கு நாடு மாறும். தளம் குழந்தைக்கென்று வைத்திருக்கும் காப்புகள் எல்லாம் இந்த ஒரு பெட்டியைப் பார்த்துத்தான் இயங்குகின்றன. பொய் வயது கொடுத்தால் உங்கள் குழந்தை பெரியவராகவே நடத்தப்படும்.

பாலினம் கேட்கும் இடத்தில் சொல்ல விருப்பமில்லை என்ற தேர்வு இருக்கிறது. அதை எடுக்கலாம். மின்னஞ்சல் கேட்கும் இடத்தில் உங்களுடையது.

வேறு கற்றல் தளங்களில் இன்னொரு கண்ணி இருக்கும். 'கூகுள் கணக்கு மூலம் தொடரவும்' என்ற பெரிய பொத்தான். அதை அழுத்தினால் அந்தக் கணக்கில் உள்ள பெயரும் மின்னஞ்சலும் படமும் புதிய தளத்துக்குப் போய்விடும். சில தளங்கள் அந்தப் பெயரையே வெளியே காட்டும் பெயராக வைத்துவிடும். நீங்கள் பகடை உருட்டிய உழைப்பு ஒரு சொடுக்கில் வீணாகும். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுத்துத் திறக்கும் சிறிய இணைப்பு கீழே எங்கேயாவது இருக்கும். அதைத் தேடி எடுங்கள்.

## 7. கடவுச்சொல்லும் உறுதி அஞ்சலும்

தொடர்பில்லாத மூன்று சொற்கள், நடுவே இடைக்கோடுகள். குழந்தை நினைவில் வைக்கவும் தட்டவும் இது எளிது. பயனர் பெயரில் உள்ள சொல் எதுவும் இதில் வரக் கூடாது, ஏனென்றால் அந்தப் பாதி எல்லோருக்கும் தெரிந்தது. நோட்டுப் புத்தகத்தில் எழுதி வீட்டில் வைப்பதில் தவறில்லை. தூரத்தில் இருப்பவர் அந்த நோட்டைப் புரட்ட முடியாது. ஆனால் நோட்டு பள்ளிப் பைக்குள் போகக் கூடாது.

உங்கள் மின்னஞ்சலுக்கு வரும் உறுதி இணைப்பை உடனே சொடுக்குங்கள். அதைச் செய்யாவிட்டால் படைப்பைப் பகிர முடியாது. குழந்தை முதல் படைப்பை முடித்து ஆசையாகப் பகிரப் போகும் நேரத்தில்தான் அது தெரியவரும்.

## 8. வெளியாள் கண்ணால் ஒருமுறை பாருங்கள்

உள்நுழைந்த நிலையில் பார்த்தால் தெரிவது உங்களுக்கான பக்கம். உலாவியின் தனிப்பட்ட சாளரத்தைத் திறந்து, உள்நுழையாமல், கணக்கின் முகவரியைத் தட்டுங்கள்:

```
scratch.mit.edu/users/vega_aamai_534
```

யாரென்று தெரியாதவர் பார்ப்பது இதைத்தான். படம் இருக்கும் இடத்தில் குழந்தையின் முகம் வேண்டாம். குழந்தை வரைந்த ஆமை இருக்கலாம். `About me`, `What I'm working on` என்ற இரண்டு பெட்டிகளும் எல்லோருக்கும் தெரிபவை. நல்ல பயனர் பெயர் வைத்த கணக்குகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தப் பெட்டிகளில்தான். 'ஹாய், நான் கவின், நான்காம் வகுப்பு' என்று குழந்தை இயல்பாக எழுதும். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது நல்ல பழக்கம் என்றுதானே பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்? அதனால் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், மாற்றாக எழுத ஒன்று கொடுங்கள்: 'எனக்கு ஆமைகளும் புதிர் விளையாட்டுகளும் பிடிக்கும்.' மூன்றாம் படியில் எழுதிய தாளைக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தால் குழந்தையே சரிபார்த்துக்கொள்ளும்.

சுயவிவரப் பக்கத்தில் பிறர் கருத்து எழுதுவதை நிறுத்திவைக்கும் வசதியும் இருக்கிறது. முதல் சில வாரங்கள் நிறுத்தியே வைப்பது என் பரிந்துரை.

## 9. முதல் படைப்பைப் பகிரும் முன்

`Share` பொத்தானை அழுத்தும் வரை படைப்பு பொதுப்பார்வைக்கு வராது. முதல் சில முறை அந்தப் பொத்தானைப் பெற்றோருடன் சேர்ந்தே அழுத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மூன்று இடங்களைப் பாருங்கள். தலைப்பில் பெயரோ பள்ளியோ இருக்கிறதா? கேமராவில் எடுத்த பின்னணிப் படத்தில் முகம், சீருடை, வீட்டு வாசல் தெரிகிறதா? பதிவு செய்த குரலில் குழந்தை தன் பெயரைச் சொல்கிறதா? குரலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அது கண்ணில் படாது. படைப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒலியோடு ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

பள்ளியில் ஆசிரியர் திறந்து கொடுக்கும் கணக்காக இருந்தால் பெயரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாமல் போகலாம். பள்ளிப் பெயரின் சுருக்கமும் வருகைப் பதிவு எண்ணும் சேர்ந்த பெயராக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆசிரியரிடம் பேசுங்கள், முடிந்தால் வகுப்புக்கே மாற்று வடிவம் ஒன்றை எழுதிக் கொடுங்கள்.

## 10. தவறான பெயரில் ஏற்கெனவே திறந்திருந்தால்

ஸ்க்ராட்சில் பெயரை மாற்ற வழியில்லாததால் புதுக் கணக்குதான். இங்கே வரிசை முக்கியம். பழைய கணக்கை முதலில் நீக்கிவிட்டுக் குழந்தையின் வேலைகளை எல்லாம் இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

பழைய கணக்கில் உள்ள படைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து கணினியில் சேமியுங்கள். `.sb3` என்று முடியும் கோப்பாக வரும். கோப்பின் பெயரில் குழந்தையின் பெயர் இருந்தால் இப்போதே மாற்றுங்கள். பிறகு மேலே சொன்ன படிகளின்படி புதுக் கணக்கைத் திறந்து, கோப்புகளை ஏற்றி, ஒவ்வொன்றும் ஓடுகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்த பிறகே பழைய கணக்கில் பகிர்ந்தவற்றின் பகிர்வை நீக்கி, படைப்புகளை அழித்து, இறுதியில் கணக்கு அமைப்புகளுக்குப் போய்க் கணக்கையே நீக்குங்கள்.

புதுச் சுயவிவரத்தில் 'முன்பு இந்தப் பெயரில் இருந்தேன்' என்று குழந்தை எழுத விரும்பும். நண்பர்கள் தேடுவார்களே என்ற கவலை. ஆனால் அந்த ஒரு வரி பழைய பெயரையும் புதிய பெயரையும் கட்டிப்போட்டுவிடும். நண்பர்களுக்கு நேரில் சொல்லச் சொல்லுங்கள். பழைய படைப்பை வேறு யாராவது மாற்றி வெளியிட்டிருந்தால் அந்தப் பிரதி அவருடைய கணக்கில் இருக்கிறது, உங்களால் அதை நீக்க முடியாது. அதில் குழந்தையின் முகமோ குரலோ பெயரோ இருந்தால், அந்தப் பக்கத்தில் உள்ள புகார் இணைப்பு வழியாக, பெற்றோர் என்ற முறையில், என்ன விவரம் எந்த இடத்தில் தெரிகிறது என்று குறிப்பிட்டுத் தளத்துக்கு எழுதுங்கள்.